அக் போட்டால் விளக்கு அணையாது

பால் பண்ணைத் தொழிற்சாலையின் கன்ட்ரோல் ரூமில் அவளை எல்லோரும் ஹூட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேனலில் கோளாறு காட்டும் ஹூட்டர் அலறினால் அந்த அறைக்குள்தான் கேட்கும். அக்கா அலறினால் கேன் கழுவும் இடம் வரை கேட்கும். கேன் கழுவும் இடத்தில்தான் அவள் வேலையைத் தொடங்கினாள். சாப்பாட்டு இடைவேளையில் பேனல் ஆபரேட்டரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பாள். அவர் விரட்டுவார், மறுநாளும் நிற்பாள். அவர் ஓய்வு பெற்றபோது அந்தப் பேனலை அறிந்த ஆள் வேறு யாரும் இல்லை. மேலாளருக்குப் பிடித்ததோ பிடிக்கவில்லையோ, நாற்காலி அவளுக்கு வந்தது.

அதைத்தான் இப்போது டாக்டர் பிடுங்கப் பார்த்தார்.

கம்பெனி மருத்துவப் பரிசோதனை அது. டாக்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கி, கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தார். இரண்டு தடவையும் முகம் சரியில்லை.

"பிரஷர் மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"போடாம?" ஹூட்டரக்கா போனை எடுத்து நீட்டினாள். மகன் ஏற்றிக்கொடுத்த ஆப். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பச்சை வட்டம். ஒன்றுகூடச் சிவப்பு இல்லை.

டாக்டர் அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா போட்டும் இறங்கலைன்னா ஒரு மாத்திரை பத்தல. இன்னொன்னு சேர்க்கிறேன். அடுத்த செக்கப்புலயும் இப்படியே இருந்தா பேனல்ல உட்கார நான் கையெழுத்துப் போட முடியாது. பேக்கிங் பக்கம் போயிடுங்க. அங்க டென்ஷன் இல்ல."

"எனக்கு டென்ஷனே பேக்கிங்தான் டாக்டர்."

"சிரிக்கிற விஷயம் இல்லம்மா."

"நான் எங்க சிரிச்சேன்?"

வாசல் வரை நடந்து வந்தபோதும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. பத்துப் பேர் ஒதுக்கிய வேலையைக் கற்றுக்கொண்டு, தூங்காமல் பால் சூட்டைப் பார்த்துக் காத்தவளை, அட்டைப்பெட்டி ஒட்டப் போகச் சொல்கிறார்கள். மாத்திரையும் போட்டாயிற்று, பேச்சும் வாங்கியாயிற்று.

மருந்துக்கடையில் மருந்தாளுநர் மட்டும் இருந்தார். அவளைவிட வயதில் சின்னவர், மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில். சீட்டைப் படித்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் படித்தார்.

"புதுசா ஒண்ணு சேர்த்திருக்காரு. பழைய மாத்திரை கையில இருக்காக்கா?"

"பையில இருக்கு. எதுக்கு?"

"நீங்க வாங்கிட்டுப் போனதைப் பார்த்தா, இந்நேரம் தீர்ந்து திரும்ப வந்திருக்கணும். வரலையே, அதான்."

அவள் பையைத் துழாவி அட்டைகளை எடுத்துக் கவுன்ட்டரில் போட்டாள். பாதிக்கு மேல் உடைக்கப்படாமல் கிடந்தன. இருவரும் அவற்றையே பார்த்தார்கள்.

"என்ன தம்பி, நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?"

"இல்லக்கா. நிறைய பேருக்கு விட்டுப்போகும். எனக்கே போன மாசம் பல் வலிக்குக் கொடுத்த மாத்திரை விட்டுப்போச்சு, கடையே என்னுதுதான். ஆப் பச்சைன்னு சொல்லுது, அட்டை மிச்சம்னு சொல்லுது. ரெண்டும் எப்படி ஒண்ணா உண்மையாச்சு? அதைத்தான் கேக்கிறேன். அலாரம் அடிக்கிறப்ப நீங்க எங்க இருப்பீங்க, கையில என்ன செய்வீங்க, அதைச் சொல்லுங்க."

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் 'போட்டியா?' என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"ராத்திரி எட்டு மணிக்கு அடிக்கும். மதிய ஷிஃப்ட்டுன்னா பேனல்ல இருப்பேன், ராத்திரி ஷிஃப்ட்டுன்னா கிளம்புற அவசரத்துல இருப்பேன். மாத்திரை லாக்கர்ல இருக்கும். பால் ஓடுற இடத்துக்குள்ள மாத்திரை, மோதிரம், ஊக்கு எதுவும் கொண்டுபோகக் கூடாது. அடிச்ச உடனே அக் போட்டுடுவேன். போடலைன்னா பையனுக்கு மெசேஜ் போயிடும். அவன் கன்ட்ரோல் ரூமுக்கே போன் போட்டு 'எங்கம்மா மாத்திரை போட்டாங்களா'ன்னு கேப்பான். மானம் போகும்."

"அக் போடுறதுன்னா?"

"ஹூட்டர் அடிச்சா ஒரு பட்டனை அமுக்கணும். 'பார்த்துட்டேன்'னு அர்த்தம். சத்தம் நிக்கும். அப்புறம் போய்க் கோளாறைச் சரி பண்ணணும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். அட்டைகளைப் பார்த்தாள். "அடப்பாவி."

"என்னக்கா?"

"நான் 'சாப்பிட்டேன்' பட்டனை அக் பட்டன்னு நெனச்சு அமுக்கிட்டு இருந்திருக்கேன். பார்த்துட்டேன், அப்புறம் போடுறேன்னு." வெட்கப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவளுக்கு வந்தது எரிச்சல். "எங்க பேனல்ல அக் போட்டா சத்தம்தான் நிக்கும் தம்பி, விளக்கு அணையாது. கோளாறு சரியாகி, ரீசெட் போட்டாத்தான் அணையும். அதுவரைக்கும் கண்ணுல குத்திக்கிட்டே இருக்கும். உங்க ஆப்ல ஒரே பட்டன். அமுக்கினா சத்தமும் நிக்குது, விளக்கும் அணையுது, பச்சையும் ஆகுது. இதைச் செஞ்சவன் ஒரு நாள்கூடப் பேனல்ல உட்கார்ந்திருக்க மாட்டான்."

மருந்தாளுநர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். "'பிறகு நினைவூட்டு'ன்னு ஒண்ணு இருக்கு. ஆனா மூலையில சின்னதா இருக்கும். நீங்க சொல்றதும் சரிதான்."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். பழைய மாத்திரையே பாதி நாள் போகாதபோது அது போதவில்லை என்று முடிவு செய்ய முடியாது. இரண்டையும் இன்றிலிருந்து ஒழுங்காகப் போட்டால் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கலாம், எழுந்தால் தலை சுற்றலாம். டாக்டருக்கு இது தெரிய வேண்டும். "மாத்துறது அவரு முடிவு. நீங்க சரின்னா நான் போன் பண்றேன்."

அவள் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மாத்திரையே போடாதவளுக்கு எதற்குப் பேனல் என்று அந்த டாக்டர் கேட்டால்? பச்சை வட்டங்கள் பொய்யாகவே இருந்தாலும் அவை அவள் பக்கம் நின்றன. மருந்தாளுநரைப் பேசச் சொன்னால் பரிந்து பேசுவார். பாவம் அந்தம்மா என்பார். அது அதைவிட மோசம்.

"நம்பரைப் போட்டுக் குடுங்க. நான் பேசுறேன்."

மணி அடித்து, டாக்டர் எடுத்தார்.

"டாக்டர், மருந்துக்கடையில இருந்து பேசுறேன். காலையில பச்சையா காட்டினேனே, அது தப்பு. அலாரத்தை நிறுத்தத்தான் அமுக்கியிருக்கேன், மாத்திரை பாதி அப்படியே இருக்கு. புதுசைச் சேர்க்கலாமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும். இன்னொண்ணு. இதை வச்சு என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பாதீங்க. ஒழுங்கா போட்டுப் பார்த்துட்டு, அப்பவும் இறங்கலைன்னா பேசுவோம்."

"மருந்தாளுநர் பக்கத்துல இருக்காரா? குடுங்க."

இருவரும் பேசினார்கள். புது மாத்திரை இப்போதைக்கு வேண்டாம். பழையது தினமும் ஒன்று. வாரம் ஒருமுறை கடையிலேயே பிரஷர் பார்க்க வேண்டும். தலைவலியோ மயக்கமோ நெஞ்சில் ஏதாவதோ வந்தால் அன்றே வர வேண்டும். பேனல் விஷயம் செக்கப்பில். டாக்டர் கடைசியாக ஏதோ சொல்ல, மருந்தாளுநர் சிரித்தார்.

"என்ன சொன்னாரு?"

"உங்க குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லையாம்."

பிறகு அவர் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். "இப்ப எட்டு மணியை விட்டுடுவோம். எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும், லீவா இருந்தாலும், தினம் தவறாம செய்யிற வேலை ஒண்ணு சொல்லுங்க."

"திட்டுறது."

"அதைத் தவிர."

யோசித்தாள். "எந்திரிச்சதும் டீ. விடியக்காலை எந்திரிச்சாலும் சரி, ராத்திரி வேலை முடிச்சுத் தூங்கி மத்தியானம் எந்திரிச்சாலும் சரி. அது உள்ள போகாம நான் மனுஷி இல்ல."

"அதுல கட்டுங்க. அடுப்புல தண்ணி வச்சதும், அது கொதிக்கிறதுக்குள்ள மாத்திரை."

"எந்திரிக்கிற நேரம் மாறிக்கிட்டே இருக்குமே."

"இந்த மாத்திரை ரத்தத்துல ரொம்ப நேரம் நிக்கும். ஷிஃப்ட் மாறுறப்ப சில மணி நேரம் முன்ன பின்ன ஆனா பரவாயில்ல. எல்லா மாத்திரைக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன். முழுத் தூக்கம் முடிஞ்சு எந்திரிக்கிறதுதான் கணக்கு, நடுவுல கண்ணசர்றது இல்ல. விட்டுப்போச்சுன்னா மறுநாள் சேர்த்து ரெண்டா மட்டும் போட்டுடாதீங்க."

நாளுக்கொரு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். மூடி கண்ணாடி போல உள்ளே காட்டியது. மாத்திரையை உடைக்காமல் அட்டையோடு துண்டு துண்டாக வெட்டி அறைகளில் போட்டார். அவள் அவர் கையிலிருந்து கத்தரியை வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தானே வெட்டினாள்.

"இதுதான் விளக்கு," என்றாள். "எடுத்தாத்தான் அணையும்."

"அலாரத்தை எடுத்துடலாமா?"

"இருக்கட்டும். டீக்கு அப்புறம் அடிக்கட்டும். ஷிஃப்ட் மாறினா நேரத்தையும் மாத்திக்கிறேன். அடிச்சா டப்பாவைப் பார்ப்பேன். அறை காலியா இருந்தாத்தான் பட்டன்." அலாரத்தில் இருந்த 'மருந்து நேரம்' என்ற வாசகத்தையும் அழித்து, 'டப்பாவைப் பாரு' என்று தட்டெழுதினாள். "இன்னொண்ணு. என் பையனுக்கு மெசேஜ் போகுதே, அதை எங்க நிறுத்துறது?"

"அவரு பார்த்தா ஒரு துணைதானேக்கா?"

"அவன் பார்க்கிறதாலதானே தம்பி நான் அவனுக்காக அமுக்கினேன்?"

மருந்தாளுநர் எங்கே நிறுத்துவது என்று காட்டினார்.

அன்று மாலையே மகன் கூப்பிட்டான். "அம்மா, ஆப்ல என்னை எடுத்துட்டீங்களா?"

"ஆமா."

"அப்ப நீங்க மாத்திரை போட்டீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போன் பண்ணிக் கேளு. நான் என்ன பால் டேங்க்கா, தூரத்துல உட்கார்ந்து அளவு பார்க்க?"

"இதுக்குத்தான் வேலையை விட்டுட்டு இங்க வந்துடுங்கன்னு..."

"வர்றேன். உன் வீட்டுல பால் காய்ச்சுற பாஸ்டுரைசர் வாங்கிப் போட்டதும் சொல்லு."

அவன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை.

முதல் வாரம் எளிதாகவே போனது. ஷிஃப்ட் மாறிய அன்று கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் டீ வாங்கிக் குடித்துவிட்டு நேராக வேலைக்கு ஓடினாள். அலாரம் அடித்தது பஸ்ஸில், டப்பா வீட்டில். விரல் பட்டன்மேல் போய் நின்றது. சிரமப்பட்டு அதை மூலையிலிருந்த 'பிறகு நினைவூட்டு' பட்டனுக்கு நகர்த்தினாள். அது விட்டு விட்டு வழி நெடுக அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "அதை அணைங்களேம்மா," என்றார்.

"வேலை முடியல. அணைக்க முடியாது," என்றாள்.

இடைவேளையில் கடைக்குப் போன் செய்து கேட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அன்றைக்குள்ளதைப் போடச் சொன்னார் மருந்தாளுநர். மறுநாள் வழக்கம் போல டீயோடு. அதற்குப் பிறகு அவசரத்துக்கென்று ஒரு மாத்திரை, அட்டைத் துண்டோடு பணப்பையிலும் ஏறியது. வாரந்தோறும் கடையில் பார்த்த அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு வாரம் ஏறவும் செய்தது. மருந்தாளுநர் அதையும் மறைக்காமல் சொன்னார்.

செக்கப் அன்று டாக்டர் பச்சை வட்டங்களைக் கேட்கவில்லை. காலி அட்டைகளைக் கேட்டார். அவள் கவரோடு கொட்டினாள். இரண்டு தடவை அளந்தார். படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இப்போதைக்கு இறங்கியிருக்கு. நல்லாயிடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திடக் கூடாது."

"நல்லா ஓடுது, இனி பார்க்க வேணாம்னு நான் ஒரு மெஷினையும் விட்டதில்ல டாக்டர்."

கன்ட்ரோல் ரூமில் அவள் நாற்காலியில், அவளுக்கு மாற்றாக வரும் ரிலீவர் உட்கார்ந்திருந்தான். குழந்தை குட்டி உள்ளவன், நல்லவன்தான். மேலாளர் அவனிடம், அக்கா பேக்கிங்குக்குப் போய்விடுவார் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அவன் நாற்காலியின் உயரத்தைக்கூடத் தனக்கேற்ப மாற்றியிருந்தான்.

டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளை ஹூட்டரக்கா அவன் முன்னால் வைத்தாள்.

"அக்கா, மேலாளர் வந்து சொல்லட்டுமே..."

"அவரு வரட்டும். அவருக்கும் காட்டுறேன். நீ எந்திரி."

அவன் எழுந்தான். அவள் குனிந்து நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, பாலின் சூடு என்ன என்று பார்த்தாள்.