ஏழாம் அறைக்கு மதியம்

ஃபேரர் பார்க்கில் ஒரு பெண்கள் விடுதிக்கு நான் வார்டன். முப்பத்திரண்டு பெண்கள், ஓர் அறைக்கு இரண்டு பேர், பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி டிப்ளமா படிக்க வந்தவர்கள். பரீட்சை வாரம் வந்தால் நான் ஆளே மாறிவிடுவேன். சமையலறை, விளக்கு, படிப்பறை எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து, வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு மெசேஜ் போடுவேன். போட்டபின் அது சட்டம். யாராவது 'ஆனா ஆன்ட்டி' என்று ஆரம்பித்தால், 'மெசேஜைப் படிச்சியா?' என்பேன். அவ்வளவுதான், வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்த முறை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போட்டேன். பதினொரு மணிக்கு அறை விளக்குகள் அணைய வேண்டும். அதற்குமேல் படிக்க வேண்டுமானால் படிப்பறைக்கு வரலாம், அதுவும் பன்னிரண்டோடு சரி. காலையில் பரீட்சை இருப்பவர்களுக்கு ஆறரைக்குக் காலைப் பசியாறல், கையில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம். மதியம் பரீட்சை இருப்பவர்களுக்கு எட்டு மணிக்குப் பசியாறல், ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கட்டாயம் படிப்பறை, பதினொன்றரைக்குச் சாப்பாடு. படிப்பறைக்குள் பேச்சு கூடாது, போன் வாசலில் கூடையில். கீழே, எந்த நாளில் எந்த அறைக்குக் காலை, எந்த அறைக்கு மதியம் என்று ஒரு பட்டியல். எல்லாரிடமும் பரீட்சை அட்டவணையை வாங்கி, உட்கார்ந்து நானே தயாரித்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

ஏழாம் அறையில் ஒரு பெண் இருந்தாள். கணக்கியல் படிப்பு. அதில் ஒரு பேப்பர் போன தடவை போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் கல்லூரியில் தொடர விடமாட்டார்கள், பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத்தான் போக வேண்டும். வீட்டில் அவளுடைய அப்பாவுக்கு முதல் தடவை போன விஷயமே தெரியாது. என்னிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தாள். அந்தப் பேப்பர்தான் வியாழக்கிழமை.

வியாழன் காலை அவள் படிப்பறையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில், கூடைக்குப் பக்கத்தில். ஒன்பது நாற்பது இருக்கும், கூடைக்குள் ஒரு போன் அதிர ஆரம்பித்தது. அவள் திரும்பிப் பார்த்து எழுந்தாள். நான் கண்ணாலேயே உட்கார வைத்தேன். அது நின்றது, மறுபடி அதிர்ந்தது. அவள் மறுபடி பார்த்தாள். நான் விரலை உதட்டில் வைத்தேன். மூன்றாவது தடவை எனக்கு வந்ததே கோபம், எடுத்து அணைத்துவிடலாம் என்று கையை விட்டேன். திரையில் அவளுடைய வகுப்புத் தோழியின் செய்தி நின்றது.

'எங்கடி இருக்க? பத்து மணிக்குப் பேப்பர். எல்லாரும் உள்ள போறாங்க.'

"ஏய், எழுந்திரு! உன் பேப்பர் காலையிலயாம்!" என்று படிப்பறைக்குள்ளேயே கத்தினேன். அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. அவள் போனை வாங்கிப் பார்த்தாள். "ஆன்ட்டி, நான் டிரெஸ் மாத்தணும்" என்றாள். "போட்டிருக்கறதே போதும்லா! காலேஜ் அட்டையை எடு, பேனாவை எடு, ஓடு!" என்றேன். அவள் மாடிக்கு ஓடினாள், நான் டாக்சிக்கு அழைத்தேன். ஒன்பது ஐம்பத்தைந்துக்குக் கிளம்பினோம். கல்லூரி புக்கிட் மேரா பக்கம், எப்படியும் இருபது இருபத்தைந்து நிமிஷம் ஆகும். பரீட்சை தொடங்கி அரை மணி நேரம் வரை உள்ளே விடுவார்கள், அதற்குமேல் கெஞ்சினாலும் விடமாட்டார்கள்.

டாக்சியில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் நானா? "டைம்டேபிள் பார்க்கத் தெரியாதா உனக்கு? இத்தனை பெரிய பொண்ணு! உங்கப்பா கேட்டா நான் என்ன சொல்றது?" என்று ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒரு பாட்டம் திட்டினேன். அவள் நோட்டை மடியில் விரித்து, உதடு மட்டும் அசைய, படித்துக்கொண்டே வந்தாள். டிரைவர் பெரியவர், சீனர். என் தமிழ் புரியாவிட்டாலும் நிலைமை புரிந்திருக்கும், விரட்டிக்கொண்டு போனார்.

பத்து இருபத்திரண்டுக்கு வாசலில் இறங்கினோம். இரவில் போடும் பேன்ட், ரப்பர் செருப்பு, கலைந்த தலை, அப்படியே ஓடினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒருவர் அவளுடைய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னார். அப்பாடா! அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பேப்பர் பன்னிரண்டு மணி வரை. எதிரே இருந்த காப்பிக் கடையில் ஒரு தே, அதாவது டீ, வாங்கிக்கொண்டு, இவள் எப்படித்தான் ஏமாந்தாள் என்று பார்க்க மெசேஜைத் திறந்தேன். வியாழன், காலை: இரண்டு, ஐந்து, பதினொன்று. மதியம்: மூன்று, ஏழு, ஒன்பது.

ஏழு.

அந்த அறையில் இரண்டு பேர். இன்னொருத்தி ஹோட்டல் மேனேஜ்மென்ட், அவளுக்குத்தான் அன்று மதியம். நான் ஆளைப் பார்க்காமல் அறையைப் பார்த்து எழுதியிருக்கிறேன். ஓர் அறை என்றால் எனக்கு ஒரு சாப்பாட்டு நேரம், ஒரு விளக்கு, அவ்வளவுதான். உள்ளே இருப்பது இரண்டு பெண்கள், இரண்டு படிப்பு என்பது தோன்றவே இல்லை. போதாததற்கு அழைப்பு வந்தபோது உட்கார் என்று சைகை வேறு காட்டியிருக்கிறேன். வழியெல்லாம் திட்டியும் தீர்த்திருக்கிறேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் கை போனது அந்த மெசேஜை அழிக்கத்தான். நாலு நாள் பழசு. என் போனிலிருந்து மட்டும் அழிக்கலாம், மற்றவர்களிடம் இருக்கும் என்றது வாட்ஸ்அப். நல்லவேளை. தே ஆறிப்போகும்வரை யோசித்துவிட்டு எழுதினேன்: 'வியாழன் பட்டியலில் ஏழாம் அறைக்கு நான் தப்பாகப் போட்டுவிட்டேன். தவறு என்னுடையது. நாளையும் சனிக்கிழமையும் யாருக்கு எப்போது பேப்பர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எனக்கு அனுப்புங்கள். அனுப்பாதவர்களை நானே வந்து கேட்பேன்.' அடுத்த நிமிஷமே போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. அதில் இன்னொரு அறையும் தப்பு என்று தெரிந்தது. அதைச் சனிக்கிழமைக்கு முன்பே பிடித்தாயிற்று.

பன்னிரண்டு ஐந்துக்கு வந்தாள். தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது.

"எல்லாம் எழுதிட்டேன் ஆன்ட்டி. கடைசிக் கேள்வி பாதிதான், ஆனா பாஸாயிடுவேன்."

"தப்பு என்மேலதான் மா. இப்பதான் பார்த்தேன். ரூம் நம்பரைப் பார்த்துப் போட்டுட்டேன்."

"தெரியும் ஆன்ட்டி."

"எப்ப தெரியும்?"

"மாடிக்கு ஓடினப்பவே பார்த்துட்டேன். திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் உங்க லிஸ்ட் சரியா இருந்துச்சா, அப்புறம் என் டைம்டேபிளை நான் எடுக்கவே இல்ல. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

"அப்போ டாக்சியில அவ்வளவு திட்டினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா நீங்க அழ ஆரம்பிச்சிருப்பீங்க. எனக்குப் படிக்க இருபது நிமிஷம்தான் இருந்துச்சு ஆன்ட்டி."

அவள் சொன்னது சரிதான். நடுரோட்டில் நின்று அழுதேன்.