வாழ்த்து அட்டையில் ஒரு கை

ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் கத்திரி அக்கா. தனித்தனிப் படங்களில் இருக்கும் குடும்பத்தைக் கணினியில் முடி பிசிறாமல் வெட்டியெடுத்து, வண்ண விளக்குகளுக்கு நடுவே ஒன்றாக நிறுத்திவிடுவாள். பண்டிகை வாழ்த்து அட்டை கேட்டு வந்தவர் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

“என் சம்சாரம் கழுத்துல ஏதோ கறை தெரியுது பாருங்க. அழிச்சிடுங்க.”

பெரிதாக்கிப் பார்த்தாள். கறையாம், கறை! வரிசையாக நான்கு கன்றிய தடங்கள். பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்துப் பூசி மறைத்தாள்.

“இப்ப என் கை அவ தோள்மேல இருக்கிற மாதிரி வைங்க.”

நண்பன் தோளில் கை போட்டிருந்த அவருடைய படத்தை வெட்டி, மனைவியின் அளவுக்குச் சுருக்கி, மெல்ல நகர்த்தினாள். விரல்கள் கழுத்தோரம் போய் நின்றன, மறைத்த அந்த நான்கு இடங்களிலும்.

“அடடா, அளவெடுத்த மாதிரி இருக்கே!” என்று சிரித்தார் அவர்.