வங்கக்கடல் மகாராட்சசன்

ஆதிமூலத்துக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மரக்காணம் உப்பளத்தில் எடை போடுகிறவனுக்கு அது எப்படி வரும்? லாரிக்காரன் தராசில் ஒரு காலை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பான். ஏற்றுகிறவன் ஈர மூட்டையை அடியில் தள்ளி உலர்ந்ததை மேலே காட்டுவான். ஏழு வருஷம் இதையே பார்த்துப் பார்த்து, வீட்டில் பெண்டாட்டி காப்பி கொடுத்தாலும் டம்ளருக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒருவனை நம்பினான். செல்போன் ரிப்பேர் செய்கிற கௌதம். பக்கத்து ஊர் அனுமந்தைக்காரன்.

இருவரையும் சேர்த்துவைத்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சடையப்பனின் பிரவுசிங் சென்டர். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், எட்டு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். பேருக்குத்தான் பிரவுசிங், சாயங்காலம் ஆனால் கவுண்டர் ஸ்ட்ரைக் என்கிற துப்பாக்கி விளையாட்டில் சுடுகிற சத்தம்தான். ஆடுகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிற ஆம்பளைகள். பாதிப்பேர் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தவர்கள். பக்கத்திலேயே எஸ்.டி.டி. பூத், நடுவில் ஒரு பிளைவுட் தட்டி. உப்பள மேனேஜர் அங்கே வந்துதான் மெட்ராசுக்குப் பேசுவார். இங்கே ஒரு பெயரைக் கத்தினால் அங்கே கேட்கும். அதனால் சடையப்பன் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தான்: உள்ளே வந்தால் எவனுக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஸ்கிரீனில் என்ன பெயரோ அதுதான்.

கௌதமுக்கு சுறா. ஐஸ் கம்பெனி கலியமூர்த்திக்கு இடி. ஆதிமூலம் மட்டும் மூன்று நாள் யோசித்தான். பொழுதெல்லாம் லாரிக்காரனிடம் ஏச்சு வாங்குகிறவனுக்கு இங்கேயாவது ஒரு கெத்து வேண்டாமா? கட்டவுட்டில் தலைவர்களுக்குப் பட்டம் போடுவார்களே, அந்தக் கணக்கில் ஒன்று பிடித்தான். வங்கக்கடல் மகாராட்சசன். அதையும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, முன்னால் ஒரு எக்ஸ், நடுவில் ஒரு கோடு, கடைசியில் இரண்டு நம்பர். எழுத்து முப்பதை நெருங்கிவிட்டது. முப்பத்தொன்றுக்கு மேல் மெஷினே வாங்காது.

ஆளுக்கொரு மாதிரி கூப்பிட்டார்கள். ஒருவன் "வங்கா" என்றான், ஒருவன் "மகா" என்றான், ஒருவன் "ராட்சசா" என்றான். எது தன்னை, எது இன்னொருவனை என்று இவனுக்கே பிடிபடவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்பா, நான் என்ன பொம்மையா, ஆளுக்கு ஒரு பேர் வெக்க? கூப்புட்டா முழுசா கூப்புடு. இல்லாட்டி கூப்புடாத."

சரி என்று விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் ஆட்டத்தில் ஆதிமூலம் செத்துக்கொண்டே இருந்தான். எப்போதும் முதுகில்தான் குண்டு. கலியமூர்த்திக்கு ஆபத்து என்றால் "இடி, பின்னாடி!" என்று கௌதம் குரல் கொடுப்பான், அவன் திரும்பிச் சுடுவான், பிழைப்பான். இவனுக்கு மட்டும் அந்தப் "பின்னாடி" வராது, ஏதோ முனகல்தான். செத்தபிறகு "ச்சே" என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பாண்டியில் போட்டி. அணிக்கு ஐந்து பேர். நாலு பேர் முடிவாகிவிட்டது. ஐந்தாவது நாற்காலிக்கு இன்னும் பெயர் கொடுக்கவில்லை. கௌதமின் மச்சான் காசிலிங்கம் தினமும் வந்து பின்னால் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தான். ஆதிமூலத்துக்கு வேறு என்ன வேண்டும்? அடேய், நான் சாகணும், மச்சான் உக்காரணும், இதானே சங்கதி!

மூன்று வாரம் இதையே மென்றான். டீக்கடையில் கௌதமும் காசிலிங்கமும் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தான். கௌதம் என்ன சொன்னாலும், இவன் ஆட்டத்தில் அதற்கு நேர்மாறாகச் செய்யப் பழகினான். இடப்பக்கம் போ என்றால் வலப்பக்கம். நில் என்றால் ஓட்டம்.

கௌதமின் மெஷினில் ஆட்டத்தைப் பதிவு செய்துவைப்பது சடையப்பனின் வழக்கம். ஒரு சாயங்காலம் அதைப் போடச் சொல்லிப் பார்த்தான் ஆதிமூலம். கௌதம் துப்பாக்கியில் குண்டு மாற்றிக்கொண்டிருக்கிறான், சுட முடியாது. ஸ்கிரீன் ஓரத்தில் எதிரி வருகிறான். ஆதிமூலத்தின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான். முழுசாக இரண்டு விநாடி நிற்கிறான். அப்புறம் சுடுகிறான்.

"பாத்திருக்கான்யா!" என்று எழுந்தான். எல்லோருக்கும் முன்னால் கௌதமைப் பார்த்துக் கத்தினான். "கண்ணு முழிச்சிட்டுப் பாத்துட்டு, பின்னாடின்னு ஒரு வார்த்த சொல்லாம இருந்திருக்கியேடா! ஒன் மச்சானுக்கு சீட்டு வேணும்னா நேரா சொல்லிட்டுப் போயேன். முதுகுல குத்தறியே, நீயெல்லாம் மனுஷனா?"

கௌதமின் முகம் செத்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தான்.

"என் சீட்ல நீ உக்காரு," என்றான். "ஒன் சீட்ல நான் ஆடறேன். ஒரே ஒரு ஆட்டம்."

மாறி உட்கார்ந்தார்கள். கௌதமின் மெஷினில் இவன் சுறா. இவன் மெஷினில் கௌதம், அந்த முப்பது எழுத்தோடு. மூன்றாவது ரவுண்டில் ஆதிமூலம் குண்டு மாற்றுகிற நேரம், ஓரத்தில் எதிரி ஒருத்தன் கௌதமின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். ஆதிமூலம் வாயைத் திறந்தான்.

"வங்கக்கடல் மகா..."

டப். கௌதம் கீழே விழுந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. கலியமூர்த்திதான் மெதுவாகச் சொன்னான்: "நாங்க எல்லாரும் தெனம் அதான்பா சொல்லிக்கினு இருந்தோம். மகா வரைக்கும் வர்றதுக்குள்ள நீ போய்ட்டு இருப்ப."

ஆதிமூலத்துக்கு வெட்கத்தில் காது சுட்டது. அன்றைக்கே வேறு பெயர் தேடினார்கள். அவன் சூறை என்றான்; சுறாவோடு குழம்பும் என்று கௌதம் தள்ளினான். வஜ்ரம் என்றான், அதை இங்கிலீஷில் ஐந்து பேர் ஐந்து மாதிரி அடித்தார்கள், அதுவும் போயிற்று. கடைசியில் கொம்பன். சொல்ல இரண்டே அசை, கனமான பேர். ஐந்து பேரும் ஒரே மாதிரிதான் அடித்தார்கள். ஃபேனை முழு வேகத்தில் வைத்து, டீ கொண்டுவந்த பாப்பாத்தியைத் தெருவில் நிற்கவைத்து, உள்ளிருந்து ஒரே தடவை கத்தினார்கள். கால் மணி கழித்து டம்ளர் எடுக்க வந்தவளிடம், என்ன காதில் விழுந்தது என்று கேட்டார்கள்.

"கொம்பன்னு கத்துனீங்க. ஏன், மாடு எதுனா வாங்கறீங்களா?" என்றாள்.

சடையப்பன் கைதட்டினான். ஐந்தாவது பெயராகக் கௌதமே அதை எழுதிக் கொடுத்தான். காசிலிங்கம் வந்தது இவர்களைப் பார்த்து ஆட்டம் கற்றுக்கொள்ளத்தான் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. ஆதிமூலம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது அவனுக்கு.

பாண்டியில் முதல் ஆட்டமே கடைசி ரவுண்டு வரை இழுத்தது. இரு பக்கமும் சமம். கௌதமும் இவனும் மட்டும் உயிரோடு; எதிரில் ஒருத்தன். ஆதிமூலம் சுவரோரம் பதுங்கி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொம்பன், பின்னாடி!"

மணி அடித்த மாதிரி கேட்டது. கௌதமின் குரல்தான். மூன்று வாரமாக அந்தக் குரல் சொன்னதற்கு நேர்மாறாகவே செய்து பழகிய கை, மௌஸின் மேல் அப்படியே நின்றது. நிஜமாகவா சொல்கிறான்? திரும்பினால், எதிரி முன்பக்கத்திலிருந்து வந்தால்? அரை விநாடிதான் யோசித்திருப்பான்.

முதுகில் குண்டு. அடுத்த நொடி கௌதமும் விழுந்தான். மரக்காணம் வெளியே போய்விட்டது.

கௌதம் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு இவன் பக்கம் திரும்பினான். கோபமே இல்லை அவன் முகத்தில்.

"இந்தப் பேரும் சரியில்லையா? கேக்கலையா ஒனக்கு?"

கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழியைப் பெயர்மேல் போட்டுவிட்டு, வேறு பெயர் தேடிக்கொண்டே எல்லோரும் பஸ் ஏறலாம். கௌதம் நம்புவான், அவன் அப்படிப்பட்டவன்தான்.

ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்லா கேட்டுதுடா," என்றான்.