'வாங்கு' என்றொரு பொத்தான்

என் தங்கச்சி நதியாவுக்கு வாய் அதிகம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தபோது, போன் வாங்க வருகிற அம்மாக்கள் எல்லாம் அவளிடம்தான் கேட்பார்கள்: "இந்த கேமு பசங்களுக்குப் போட்டுக் குடுக்கலாமாம்மா?" பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், யூடியூபில் சேனலே ஆரம்பித்துவிட்டாள். வீடியோ வெட்டி ஒட்டுகிற எடுபிடி வேலை அண்ணன்காரனான எனக்கு. அந்தோணி என்று ஒருத்தன் இருப்பதே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. போகட்டும்.

வேலையில் மட்டும் அவளைக் குறை சொல்ல முடியாது. புதுக் கணக்கில் கேமை ஏற்றி, காசு போடாமல் கடைசிவரை ஆடிப் பார்ப்பாள். காசு கட்டாதவன் பாதியில் மாட்டிக்கொள்கிறானா, காசு கட்டித் திறக்கிற மர்மப் பெட்டியில் எது கிடைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லியிருக்கிறார்களா, முன்பின் தெரியாதவன் குழந்தையிடம் பேச வழி இருக்கிறதா, எல்லாம் பார்த்து இரண்டு மதிப்பெண் போடுவாள். நியாயத்துக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஏற்றதா என்பதற்கு ஒன்று.

'கிளிச்சந்தை' என்ற கேமுக்கு இரண்டிலும் அள்ளிப் போட்டாள். சண்டை இல்லை, சாட் இல்லை, காசில்லாமலே முழுசாக ஆடலாம். அதோடு ஒரு வரியும் சொன்னாள்: "காசு போற எடத்துல 'வாங்கு'ன்னு தமிழ்லயே தெளிவா போட்டிருக்காங்க. பசங்களுக்குக் குழப்பமே வராது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மாதா கோவிலிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பிள்ளையார்பாளையத்திலிருந்து மஹாலட்சுமி என்பவர், செல்போன் கடையில் வீட்டை விசாரித்து, மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பட்டு நெய்கிற குடும்பம். மகள் தர்ஷிணிக்கு ஏழு வயது இருக்கும். தலையை நிமிர்த்தவே இல்லை.

"உன் வீடியோவ நம்பித்தாம்மா போட்டுக் குடுத்தேன்" என்றார் மஹாலட்சுமி. "என் தம்பி, போன்ல கேம்லாம் எறக்கற ஸ்டோர் கணக்குல எனக்குன்னு பணம் ஏத்தி வெச்சிருந்தான். பாஸ்வேர்டு கேக்காத மாதிரி வெச்சது என் தப்புதான். மொத்தமும் பூடுச்சு. அதுகூடப் பரவால்லமா. இது 'நான் வாங்கவே இல்ல, கிளி குடுத்துச்சு'ன்னு சாதிக்குது. நெஞ்சறிஞ்சு பொய் சொல்லுதுன்னு அவங்கப்பா இதுகூடப் பேசறதையே வுட்டுட்டாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாஸ்வேர்டை எடுத்துவிட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பதா? "ஏம்மா, பொத்தான்லயே 'வாங்கு'ன்னு போட்டுக்குதே, புள்ளைக்குப் படிக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரியும்" என்றது குழந்தை, அழாமல்.

நதியா என்னை முறைத்துவிட்டுப் போனை அதன் கையில் கொடுத்தாள். "எப்படி ஆடினேன்னு காட்டுடா கண்ணு."

கேம் திறந்ததும் கிளி ஒரு பெட்டியை மூக்கில் கவ்விக்கொண்டு வந்தது. அது தினமும் சும்மா கிடைக்கிற பரிசு. கீழே பச்சைப் பொத்தானில் 'வாங்கு'. குழந்தை அமுக்கியது, பரிசு வந்தது. அடுத்து அதே கிளி இன்னொரு பெட்டியோடு வந்தது. அதே பச்சை, அதே 'வாங்கு'. இதை அமுக்கினால் ஸ்டோர் பக்கம் வரும். விலை அங்கேதான் இருக்கும், காசு கட்டுகிற பொத்தானோ இங்கிலீஷில்.

"கிளி குடுக்குது. 'வாங்கு'ன்னு சொல்லுது. நான் வாங்கிக்கினேன்" என்றது குழந்தை. "கடைக்குப் போயி வாங்கல."

நதியாவின் முகம் செத்துப்போனது. கொடுப்பதைப் பெற்றுக்கொள்வதும் வாங்குவதுதான், காசு கொடுத்து எடுப்பதும் வாங்குவதுதான். இத்தனை வருஷம் தமிழ் பேசுகிற எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லையே! அந்த வரியை வெட்டி ஒட்டியவன் நான்தான்.

"அய்யோ, அண்ணா, இது பொய்யே சொல்லலடா" என்றாள் நதியா.

உடனே பழைய வீடியோவைச் சேனலிலிருந்து நீக்கினாள். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்டோருக்கு எழுதினாள். வருமா என்பது தெரியாது. மதிப்பெண் இரண்டையும் குறைத்து, சும்மா கிடைப்பதற்கும் காசுக்குக் கிடைப்பதற்கும் ஒரே சொல், ஒரே நிறம் வைத்ததை விளக்கி, தப்பு தன்னுடையது என்று புது வீடியோ போட்டாள். கமெண்டில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவள் எதையும் அழிக்கவில்லை.

மறுநாள் பிள்ளையார்பாளையம் போனோம். குழந்தையின் அப்பா தினகரன் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். நதியா போனைக் காட்டி எல்லாம் சொன்னாள். "உங்க பொண்ணு பொய் சொல்லலண்ணா. அதுக்குப் புரிஞ்சத அப்படியே சொல்லுச்சு. சரியா பாக்காதவ நான்தான்."

தறிச் சத்தம் நின்றது.  அந்த மனுஷன் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மாடத்திலிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு மைசூர்பாக்கை எடுத்து மகளிடம் நீட்டினார். "இந்தாம்மா, வாங்கிக்கோ."

குழந்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது. "வேணாம்ப்பா" என்றது. "நான் இனிமே யார்கிட்டயும் எதுவும் வாங்க மாட்டேன்."