கைதட்டலுக்கு அடியில் போன வரி

என் சின்னம்மாவுக்குத் தங்கியது இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சோப்பு ஆலையில் கட்டிங் பிரிவில் இருந்தான். பாளம் பாளமாக வரும் சோப்பைக் கம்பி வைத்து வில்லையாக அறுப்பது அவன் வேலை. இளையவள் அதே ஆலையின் ஆபீசில் டைப் அடிக்கச் சேர்ந்தாள். இருவருக்கும் ஆறு வயது வித்தியாசம். அப்பன் குடித்துச் செத்த பிறகு அவளைப் படிக்க வைத்தவன் அண்ணன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்ததை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆலை மேலாளருக்கு மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பீடி குடித்துக் குடித்து நெஞ்சில் காற்றே கிடையாது. ஏழெட்டு வார்த்தைக்கு மேல் ஓடினால் இழுக்கும். யாரோ எழுதிக் கொடுத்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு இறங்குவார். ஜனம் கொட்டாவி விடும். ஒருமுறை இவள் அந்தத் தாளை வாங்கித் திருத்திக் கொடுத்தாள். அன்றோடு அவளுக்கு ‘மூச்சுக்காரி’ என்று பெயர் வந்தது.

அவள் செய்தது இவ்வளவுதான். எழுத்தைப் பெரிதாக அடிப்பாள். ஒரு வரிக்கு ஒரு மூச்சு. அவர் நெஞ்சு தாங்குகிற அளவுதான் வரி. சின்ன நிறுத்தத்துக்கு ஒரு சாய்கோடு, பெரிய நிறுத்தத்துக்கு இரண்டு. மூச்சு இழுக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம். அழுத்திச் சொல்ல வேண்டிய வார்த்தைக்கு அடிக்கோடு. நிற்காமல் அடுத்த வரிக்குப் போ என்றால் ஓரத்தில் ஓர் அம்பு. ஒரு வாக்கியம் பாதியில் நின்று அடுத்த தாளுக்குப் போகவே கூடாது. தாளின் கீழ்ப் பாகத்தை வெறுமனே விடுவாள். இல்லாவிட்டால் படிக்கிறவர் தலை கவிழ்ந்து குரல் மேஜைக்குள் விழுமாம்.

எழுதியதைக் கண்ணால் படித்து அவள் நம்ப மாட்டாள். வீட்டில் அண்ணனை உட்கார வைத்து உரக்கப் படிப்பாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். எங்கே புரியாமல் போகிறதோ அங்கே விரலைத் தூக்குவான். அந்த இடத்தை உடைத்து மறுபடி எழுதுவாள். இப்படிப் பல வருஷம். அந்தக் குறியெல்லாம் அவனுக்கும் தலைகீழ்ப் பாடம்.

ஆலைக்கு இருபத்தைந்தாம் வருஷம் வந்தது. புதன்கிழமை பெரிய கொட்டகையில் கூட்டம். அதற்கு முந்தின வாரம் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். பல்குச்சியால் கடைவாயைக் குடைந்துகொண்டே தாளைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கட்டைவிரலை நாக்கில் தோய்ப்பார். திரும்பி வருகிற தாளின் மூலையெல்லாம் மஞ்சள் பூத்து ஈரமாக இருக்கும். அவள் அதை நுனி விரலால்தான் பிடிப்பாளாம்.

பேச்சுக்குள் ஒரு சேதி நுழைய வேண்டும் என்றார். புது இயந்திரம் வருகிறது, கட்டிங் பிரிவு மூடப்படுகிறது, வேறு பிரிவு வேண்டுமென்பவர் வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காதவர் தாமாக விலகியவர். அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமே என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் பல்குச்சியைத் துப்பினார்.

“ஒட்டினா எல்லாரும் எழுதிக் குடுத்துடுவாங்கம்மா. சொன்னோம்னு இருக்கணும், அவ்வளவுதான். நீதான் கைதட்டல் வாங்கற ஆளாச்சே. கைதட்டு அடங்கறதுக்குள்ள அந்த வரி போயிடணும்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டைப் அடிக்க வேறு ஆள் கிடைப்பாள் என்று அவர் ஒரு வார்த்தை விட்டார். இவள் தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். என் சின்னம்மா மகள்தான், இருந்தாலும் சொல்கிறேன், அந்த இடத்தில் அவள் நாறிப்போனாள்.

அவளும் ஒரு கணக்குப் போட்டாள். அந்தக் கொட்டகையில் கைதட்டல் எட்டு எண்ணுகிற நேரம்தான் நிற்கும். வருஷக்கணக்கில் பின்னால் நின்று எண்ணியவள். சேதி முழுவதும் சொல்லப் பதினாறு எண்ண வேண்டும். முன்பாதி சத்தத்தில் போனாலும், எழுதிக் கொடுக்க வேண்டும், கடைசி நாள் வெள்ளி என்பது கைதட்டு ஓய்ந்த பிறகு விழுகிற மாதிரி வரிசையை மாற்றினாள். மேலாளர் சொன்னதும் ஆயிற்று, ஜனத்துக்குக் காதில் விழுந்ததும் ஆயிற்று என்று நினைத்தாள். சேதிக்கு முந்தின வரியை மூன்றாக வெட்டினாள். இந்த ஆலை என்னுடையது அல்ல, சாய்கோடு. இந்த ஆலை உங்கள் கை, சாய்கோடு. இந்த ஆலை உங்கள் வீடு. வீடு என்பதற்கு அடிக்கோடு. பக்கத்தில் அம்பு. அந்த முறை மட்டும் அண்ணனை உட்கார வைத்துப் படித்துக் காட்டவில்லை.

புதன்கிழமை மேலாளர் வீடு என்று அழுத்தினார். கொட்டகை அதிர்ந்தது. அம்பு போட்டபடியே அவர் நிற்காமல் போனார். இவள் பின்னால் நின்று எண்ணினாள். ஆறு, ஏழு, எட்டு. ஓய வேண்டிய நேரத்தில் கட்டிங் பிரிவு பெஞ்சில் ஒருவன் எழுந்து நின்று விசில் அடித்தான். தங்கச்சி எழுதினது என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிச் சொல்லித் தட்டினான். அவனைப் பார்த்து வரிசை முழுக்க எழுந்தது. இருபது வரைக்கும் எண்ணினாள். அதற்குள் மேலாளர் அடுத்த தாளுக்கு நாக்கில் விரல் வைத்துவிட்டார்.

விசில் அடித்தவன் அவள் அண்ணன்.

வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஒரு கடிதமும் ஆபீசுக்கு வரவில்லை. மேலாளர் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இவள் பேச்சுத் தாளைச் சுருட்டிக்கொண்டு கட்டிங் பிரிவுக்குப் போனாள். சாப்பாட்டு நேரம், எல்லாரும் குழாயடியில் இருந்தார்கள்.

“அண்ணே, லெட்டர் குடுத்தியா?”

“என்ன லெட்டரு?”

அவள் தொட்டி மேல் ஏறி நின்று படித்தாள். அம்பை விட்டுவிட்டாள். வரிக்கு வரி நின்றாள். பிரிவு மூடுகிறது, நின்றாள். எழுதிக் கொடுக்காதவன் விலகியவன், நின்றாள். வெள்ளிக்கிழமை மாலை என்பதை இரண்டு முறை சொன்னாள். ஒரு விரலும் மேலே போகவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

பேப்பருக்கு ஓடினார்கள். ஒருவன் கணக்குப் பிள்ளையிடம் பேனா பறித்தான். எழுதத் தெரியாதவர்களுக்கு அவளே எழுதினாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் நாற்பது கடிதம் போய்விட்டது. மேலாளருக்கு முகம் வெளிறியது. ஆனால் பேச்சில் அவரே சொன்ன வரியாயிற்றே, இல்லையென்று சொல்ல முடியவில்லை. அவளையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அடுத்த மேடைக்கு மூச்சு வேண்டுமே அந்த ஆளுக்கு.

நாற்பத்தொன்றாவது கடிதம் அண்ணனுடையது. கொடுப்பதற்கு முன்னால் அவள் கையிலிருந்த தாளை வாங்கி ஓரத்தைப் பார்த்தான். அந்த மஞ்சள் மூலையையும் பார்த்தான்.

“இந்த அம்பு நீ போட்டதா?”

“கணக்குப் பண்ணித்தாண்ணே போட்டேன். கைதட்டு எட்டுல நிக்கும்னு...”

“கைதட்டினது நான்தானே.”

தாளை அவளிடம் கொடுத்தான். குழாயடிக்குப் போய், அவனே அறுத்த வில்லை ஒன்றை எடுத்து, கையை முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினான். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் பொட்டலம் கட்டும் பிரிவில் இடம் கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தான். தங்கையோடு பேச்சு உண்டு, போக்குவரத்து உண்டு, அவள் பிள்ளை கல்யாணத்தில் முன்னால் நின்றதும் அவன்தான். ஆனால் அவள் எழுதியதை உட்கார்ந்து கேட்க அதற்குப் பிறகு ஒருநாளும் சம்மதிக்கவில்லை. கொட்டகையில் கூட்டம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு கடைசியில் நிற்பான். அவள் தாளைச் சுவரைப் பார்த்துப் படிக்கப் பழகிக்கொண்டாள். எங்கே புரியவில்லை என்று சுவர் சொல்லாது. மேலாளர் பேச்சுக்கு ஜனம் மறுபடி கொட்டாவி விட்டது.