இலைக்கு எண்பத்தைந்து

தங்கச்சி காதுகுத்துக்குப் பிரியாணி தன் பொறுப்பு என்று தாய்மாமன் சொன்னபோது, அம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம். கம்பம் பக்கம் மாமா குத்தகைக்கு எடுத்திருந்த திராட்சைத் தோட்டம் அந்தப் போகம் மழையில் அழுகிப்போயிருந்தது. "எம்புட்டு ஆகும்னு பாருடா" என்று மெதுவாகச் சொன்னாள்.

எனக்கோ குஷி. போனில் எக்செல் திறந்தேன். உத்தமபாளையம் கடைத்தெருவில் விலை கேட்டுக்கொண்டே நடந்தேன். சமையல் மாஸ்டர் சொன்ன கணக்கு எளிது: ஒரு கிலோ சீரகச்சம்பாவுக்கு ஒரு கிலோ கறி, எட்டு இலை. இருநூற்று நாற்பது பேருக்கு முப்பது கிலோ. ஒரு கிலோவுக்கு அரிசி நூற்று நாற்பது, ஆட்டுக்கறி தொள்ளாயிரம், எண்ணெய் நெய்யிலிருந்து தக்காளி, புதினா, மசாலா வரை நூற்று அறுபது, விறகும் கூலியும் நூறு. ஆயிரத்து முந்நூறை எட்டால் வகுத்தால் இலைக்கு நூற்று அறுபத்திரண்டரை. கறி விலையில் மட்டும் கோழியின் இருநூற்று இருபதைப் போட்டேன். எழுபத்தேழரை! மொத்தத்தில் இருபதாயிரத்து நானூறு மிச்சம்.

அம்மா கோழியே போதும் என்றாள். நான்தான் மாமாவுக்குப் போன் போட்டுக் கணக்கை ஒப்பித்தேன். மாமா கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"சரி மாப்ள. படிச்ச பிள்ள, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

விசேஷத்தன்று மாமா புது வேட்டியில் பந்தி நெடுகப் போய், "இன்னும் கொஞ்சம் வைங்க" என்று இலை இலையாகக் கவனித்துக்கொண்டிருந்தார். பிரியாணி அருமை. முதல் வரிசையில் இருந்த பெரியப்பா, அப்பாவின் அண்ணன், இலையில் விழுந்த கறித்துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து இலைக்காரரிடம் கேட்டார்.

"தாய்மாமன் கோழியோட நிப்பாட்டிட்டாகளா? கெடாய எங்கன கட்டி வச்சிருக்காக?"

பந்தியே சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

நாங்கள்தான் கோழி போடச் சொன்னோம் என்று அம்மா சொல்லியிருக்கலாம். ஏன் என்று அடுத்த கேள்வி வரும். தோட்டம் அழுகிய கதை பந்தியில் விழும். அம்மா வாயைத் திறக்கவில்லை. நானும்தான். மாமா அதற்குப் பிறகு பந்திக்குள் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"இலைக்கு எம்புட்டு மிச்சமாச்சு மாப்ள?"

"எண்பத்தஞ்சு ரூவா மாமா."

"கடன வாங்கியாச்சும் போட்டுருப்பேன். எங்கிட்ட ஒரு வார்த்த, முடியுமான்னு கேட்டுருக்கலாம்ல."

கோபமே இல்லாத குரல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார். அவருக்குப் போட்டு வைத்த இலையை அம்மா மூடி வைத்திருந்தாள். சாயங்காலம் வரை யாரும் அதை எடுக்கவில்லை.