ஊசி காட்டாத காற்று

தவறை ஒப்புக்கொள்வதில் அளவு என்று ஒன்று உண்டா? ஜனகராஜின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன். அவர் கெட்டவர் அல்ல. நல்லவர் என்று சொல்லவும் தயங்குகிறேன்.

மதுரை தெற்குவாசல் பக்கம் அவருக்கு ஒரு சோடா கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஓட்டுக்கூரையின் கீழ் ஒரு செம்பு உருளை, அதில் தண்ணீர் ஏற்றும் பம்ப், ஒரு கரியமில கேஸ் சிலிண்டர், பிறகு சோணை. ஆனையூர்க்காரனான சோணை ஆறு வருஷமாக அந்த உருளையின் சக்கரத்தைச் சுற்றியவன். தண்ணீர் ஏற்றி, கேஸைத் திறந்தவுடன் மேல் வால்வைச் சற்றுத் திருகிப் பத்து எண்ணும் வரை சீறவிடுவான். பிறகுதான் மூடி, கேஸ் தண்ணீரில் கலக்கச் சுற்றத் தொடங்குவான். ஒவ்வொரு ஈட்டுக்கும் இப்படித்தான்.

யுத்தம் வந்தது. சென்னையிலிருந்து சிலிண்டர் வருவது தாமதமாயிற்று. அந்தச் சீறல் ஜனகராஜின் காதில் விரயமாக ஒலித்தது. நிறுத்தச் சொன்னார்.

“உள்ள இருக்குற காத்த வெளிய விடணும் மொதலாளி. இல்லாட்டி சோடா சரியா வராது” என்றான் சோணை.

ஏன் என்று கேட்டார். சோணைக்குச் சொல்லத் தெரியவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சித்திரை பிறந்ததும் கடைக்காரர்கள் குறை சொல்லத் தொடங்கினார்கள். கோலியைத் தட்டினால் சத்தம் வருகிறது, நுரை பொங்குகிறது, இரண்டாவது மடக்கில் வெறும் தண்ணீர். ஜனகராஜ் வெயிலைக் குற்றம் சொன்னார். அது பொய்யல்ல. கேஸின் அழுத்தம் இருக்கும்வரைதான் தண்ணீர் அதைத் தனக்குள் வைத்திருக்கும். கோலி உள்ளே விழுந்ததும் அடைபட்ட கேஸ் பறந்துவிடுகிறது. வெளிக்காற்றில் அந்தக் கேஸின் பங்கு மிகச் சொற்பம். அதனால் தண்ணீர் தன்னிடம் உள்ளதைக் குமிழி குமிழியாக விட்டுவிடுகிறது. சூடான தண்ணீரால் பிடித்துவைக்க முடிவது இன்னும் குறைவு. எனவே பாட்டில்களை ஈரச் சாக்கில் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். அப்படியும் உப்புச்சப்பில்லாமல்தான் இருந்தது.

உருளையின் அழுத்தம் காட்டும் அளவுமானியின் ஊசி எப்போதும் நிற்கும் இடத்தில்தான் நின்றது. அப்படியானால் சுற்றுவதில்தான் கள்ளம் என்று முடிவுகட்டினார். பதினோரு கடைக்காரர்கள் கணக்குத் தீர்க்க வந்திருந்த நாளில், அவர்கள் முன்னால் அதைச் சொல்லிச் சோணையை அனுப்பினார். பதினோராவது ஆள் திருப்பரங்குன்றத்தில் கடை வைத்திருந்த மலையாண்டி. சோணையின் மச்சான். சோணையின் மகள் ஒச்சாயியைத் தன் மகனுக்கு எடுப்பதாகப் பேசிவைத்திருந்தவர். வேலையில் ஏமாற்றுகிறவன் வீட்டில் பெண் எடுப்பதா என்று அந்தப் பேச்சை அவர் நிறுத்திவைத்தார்.

அதன்பின் ஜனகராஜே சக்கரம் சுற்றினார். தோள் வீங்கியது. சோடா மாறவில்லை. ஒருநாள் மேல் வால்வின் வாஷர் தேய்ந்து காலை முழுதும் லேசாகச் சீறிக்கொண்டிருந்தது. மாற்ற வாஷர் கிடைக்கவில்லை. அன்று போட்ட சோடா மூக்கில் ஏறியது.

உருளையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு ஈட்டிலும் தண்ணீரோடு வெறும் காற்றும் உள்ளே போயிருக்கிறது. வெளியேற வழியில்லாமல் சேர்ந்திருக்கிறது. ஊசி இரண்டின் அழுத்தத்தையும் கூட்டித்தான் காட்டும். தண்ணீரோ கேஸின் பங்குக்கு ஏற்ற அளவுதான் கேஸை ஏற்கும். கேஸ் செலுத்தவேண்டிய அழுத்தத்தில் ஒரு பகுதியைக் காற்று செலுத்திக்கொண்டிருந்தது. பாட்டிலுக்குள் புகுந்த கொஞ்சக் காற்றுதான் திறந்ததும் நுரையைப் பொங்கவைத்து, இருந்த கேஸையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

மறுநாள் ஆனையூருக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். சோணை வேலி கட்டிக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? நான் களவாணி இல்லேன்னு எனக்குத் தெரியாதா?”

திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்.

“வாரேன். மொதல்ல எம் மச்சான்கிட்டச் சொல்லிட்டு வாங்க. மத்தவுக நம்பாட்டாலும் போகட்டும். ஆவணிக்குள்ள சொல்லிருங்க, புள்ள காத்திருக்கு.”

ஜனகராஜ் ஒரு வாரத்தில் பத்துக் கடைகளுக்கும் போனார். தப்பு தன்னுடையது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். ஒருவர், இதற்காகவா இந்த வெயிலில் அலைகிறீர் என்று கேட்டார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். இந்த அளவுக்கு அவரை மதிக்கிறேன்.

திருப்பரங்குன்றத்துக்கும் ரயிலேறினார். மலையாண்டி நாற்காலி போட்டார். மழை பற்றியும் அரிசித் தட்டுப்பாடு பற்றியும் பேசினார்கள். “சோடா இப்பத்தான் சுர்ருன்னு இருக்கு அண்ணே. ஆளை மாத்துனது நல்லதாப் போச்சு” என்றார் மலையாண்டி. ஜனகராஜ் தலையசைத்தார். எழுந்து ஊருக்குத் திரும்பினார்.

ஆடியில் இன்னும் இரண்டு முறை போனார். இரண்டு முறையும் சொல்லாமலே வந்தார். ஆவணி பிறந்து மலையாண்டி வேறிடத்தில் பெண் எடுத்தார். சோணை வேலைக்கு வரவில்லை. பத்துப் பேரிடம் சொன்னதை அந்த ஒருவரிடம் ஏன் சொல்லவில்லை என்று மனைவி லலிதாம்பாள் பலமுறை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஜனகராஜ் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவார்.